இறந்த கம்பெனி கையெழுத்துப் போடாது

1922 பிப்ரவரியில் வட அயர்லாந்தின் டைரோன் பகுதியில், கில்லிமூன் என்ற எஸ்டேட்டில் வெட்டி அடுக்கியிருந்த மரங்கள் தீயில் போயின. எஸ்டேட்டின் சொந்தக்காரர் மெக்காரா, மரத்துக்கு முறையாக இன்சூரன்ஸ் எடுத்திருந்தார், பிரீமியமும் கட்டியிருந்தார். பணம் வரவில்லை. காரணம், பாலிசி அவர் பெயரில் இருந்தது, மரம் அவருடையதாக இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்பே மொத்த மரத்தையும் ஒரு கம்பெனிக்கு விற்று, அதற்கு விலையாக 42,000 பங்குகளை வாங்கியிருந்தார். அந்தக் கம்பெனியின் பங்குகள் அத்தனையும் அவரிடமும் அவருக்காக வைத்திருந்தவர்களிடமும்தான் இருந்தன. ஆனாலும் 1925-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை கைவிரித்துவிட்டது. மரம் கம்பெனியின் சொத்து, பங்குதாரருக்கு அதில் இன்சூர் செய்யத்தக்க உரிமை எதுவும் இல்லை என்பது தீர்ப்பு.

நூறு வருஷம் பழைய வழக்கு. ஆனால் நம்மூர்த் தொழிற்பேட்டைகளில் ஒரு கம்பெனி கைமாறும்போதும் இன்னொன்றோடு இணையும்போதும், இன்சூரன்ஸ் ஃபைலில் இதே குழப்பம்தான் நடக்கிறது. பங்கு கைமாறினால் பெயரை மாற்ற ஓடுகிறார்கள், அங்கே மாற்றவே கூடாது. கம்பெனி இணைந்தால் “நம்ம கம்பெனிதானே” என்று சும்மா இருக்கிறார்கள், அங்கே ஒவ்வொரு பாலிசியிலும் மாற்றியே தீர வேண்டும்.

பாலிசி என்பது கட்டடத்தோடு போட்ட ஒப்பந்தம் இல்லை, ஒரு பெயரோடு போட்ட ஒப்பந்தம். பங்குகளை விற்றால் கம்பெனி என்ற நபர் அப்படியே இருக்கிறார், அவரை ஆட்டுவிக்கும் கை மட்டும் மாறுகிறது. பெயர், பான் எண், ஜி.எஸ்.டி. எண், பட்டறை, எந்திரம் எல்லாம் பழையபடியே இருக்கும். இணைப்பில் அப்படி இல்லை. இணையும் கம்பெனி கலைந்துபோகிறது, சட்டத்தின் கண்ணில் அது இறந்த நபர். மாருதி சுசுகியோடு இன்னொரு நிறுவனம் இணைந்த பிறகும் அந்தப் பழைய பெயரிலேயே வருமான வரித்துறை போட்ட மதிப்பீட்டு உத்தரவை, இல்லாத ஒருவர்மேல் போட்டது செல்லாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது வரி வழக்கு, இன்சூரன்ஸ் வழக்கு இல்லை. ஆனால் கலைந்த கம்பெனியைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

இனி கோயம்புத்தூருக்கு வருவோம். இது நானே கட்டிய உதாரணம், அங்கே இப்படிப்பட்ட குடும்பத் தொழில்கள் நிறைய. பம்ப் செய்யும் ஒரு தாய்க் கம்பெனி, அதன் கீழே முழுக்க அதற்கே சொந்தமான ஒரு வார்ப்படக் கம்பெனி. இரண்டுக்கும் இரண்டு தணிக்கை, இரண்டு வரிக்கணக்கு எதற்கு என்று ஒன்றாக்க முடிவெடுக்கிறார்கள். 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 233-வது பிரிவு இதற்கொரு குறுக்கு வழி தருகிறது. தாய்க் கம்பெனியும் அதன் முழுச் சொந்தமான துணைக் கம்பெனியும் தீர்ப்பாயத்துக்குப் போகாமலே, சென்னையிலுள்ள மண்டல இயக்குநரின் ஒப்புதலோடு இணையலாம். ஒப்புதல் உத்தரவு வந்ததும் அதை ஐ.என்.சி.-28 என்ற படிவத்தோடு கம்பெனிப் பதிவாளரிடம் 30 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அது பதிவானால் வார்ப்படக் கம்பெனி கலைந்தது.

இதில் இரண்டு தேதிகள் வரும். முதலாவது திட்டத்தில் எழுதிய கணக்குத் தேதி. நம் உதாரணத்தில் அது 2024 ஏப்ரல் 1, கணக்குப் புத்தகத்தில் அன்று முதல் இரண்டும் ஒன்று. இரண்டாவது இணைப்பு உண்மையில் நடைமுறைக்கு வரும் தேதி, 2025 பிப்ரவரி 10 என்று வைத்துக்கொள்வோம். ஆடிட்டருக்கு முதல் தேதி முக்கியம். இன்சூரன்ஸுக்கு இரண்டாவதுதான் முக்கியம். அதுவரை பட்டறை வார்ப்படக் கம்பெனியின் பெயரில், அதன் பாலிசியின் கீழ் இருக்கிறது. பத்து மாதம் பின்னோக்கிப் போய்ப் பெயரை மாற்றித் தரும்படி கேட்டு எழுதிய கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். அது நடக்காது, நடந்தாலும் பயனில்லை, அந்தப் பத்து மாதம் காப்பீடு சரியான பெயரில்தான் இருந்தது.

பிப்ரவரி 10-க்குப் பிறகு என்ன ஆகிறது என்று பாருங்கள். தீக் காப்பீட்டு பாலிசி 62 கோடி ரூபாய்க்கு, ஜூன் 30 வரை காலம் இருக்கிறது, பிரீமியம் முழுவதும் கட்டியாகிவிட்டது. அதனால் யாரும் அதைத் தொடவில்லை. மார்ச் 3 அன்று பேட்டர்ன் வைக்கும் கொட்டகையில் தீ. மர பேட்டர்ன்கள், மேற்கூரை, கொஞ்சம் எந்திரம் என்று 1.4 கோடி நஷ்டம். சர்வேயர் வருகிறார். பாலிசி நகல், சொத்துப் பதிவேடு, சரக்குக் கணக்கு, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், கொள்முதல் பில் எல்லாம் கேட்கிறார். பாலிசியில் வார்ப்படக் கம்பெனி. பிப்ரவரி 10-க்குப் பிந்தைய காகிதங்கள் அத்தனையிலும் பம்ப் கம்பெனி. அவர் நேர்மையான சர்வேயராக இருந்தாலும் எழுதித்தான் ஆகவேண்டிய வரி ஒன்று இருக்கிறது: நஷ்டம் நடந்த அன்று பாலிசிதாரருக்குச் சொத்தில் உரிமை இல்லை.

இந்தியாவில் நெடுநாளாகப் புழங்கும் ஸ்டாண்டர்டு தீக் காப்பீட்டு பாலிசியின் பொது நிபந்தனைகளில் மூன்றாவதைப் படித்தால் இது ஏன் என்று புரியும். சொத்தின் மீதான உரிமை பாலிசிதாரரை விட்டுப் போனால், நஷ்டம் நேர்வதற்கு முன்பே கம்பெனியின் சம்மதத்தைப் பாலிசியில் எண்டார்ஸ்மென்ட்டாகப் பெற்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சொத்துக்குக் காப்பீடு நின்றுபோகும். இந்த நிபந்தனை விதிவிலக்காக இரண்டை மட்டும் சொல்கிறது. உயிலின்படி போனாலும் சரி, சட்டத்தின் இயக்கத்தால் போனாலும் சரி, காப்பீடு தொடரும்.

சட்டத்தின் இயக்கம் என்ற அந்தச் சொல்லைப் பார்த்ததும் வக்கீல் முகம் மலரும். இணைப்பு அரசு உத்தரவால் நடந்தது, சொத்து சட்டப்படி தானாகவே தாய்க் கம்பெனிக்கு வந்தது, ஆகவே விதிவிலக்கு பொருந்தும் என்பார். நல்ல வாதம். ஆனால் எதிர்த்தரப்பிடமும் சரக்கு இருக்கிறது. ஜெனரல் ரேடியோ என்ற கம்பெனி வாடகைக்கு இருந்த இடம் தொடர்பான வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி பார்த்தது. உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் அந்தக் கம்பெனி இன்னொன்றோடு இணைந்தது. இணைந்த கம்பெனி வாடகைதாரராகத் தொடர முடியாது, வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உரிமை கைமாறியதாகத்தான் கொள்ள வேண்டும் என்று தீர்ப்பானது. நீதிமன்ற முத்திரை இருந்தாலும் இணைப்பு அந்தக் கம்பெனிகளே விரும்பிக் கேட்டதுதானே என்ற பார்வை அதில் இருக்கிறது. அது வாடகைச் சட்டத்தின் வார்த்தைகளை வைத்து வந்த தீர்ப்பு. தீக் காப்பீட்டுக்கு அப்படியே பொருந்துமா என்பதில் இரு பக்கமும் பேசலாம். பேசிக்கொண்டே நாலு வருஷம் போகலாம். ஒற்றைப் பக்க எண்டார்ஸ்மென்ட் இருந்திருந்தால் இந்தப் பேச்சே எழாது. அதற்குப் பெரும்பாலும் கூடுதல் பிரீமியம்கூடக் கிடையாது.

எப்போது எழுதுவது? உத்தரவு கைக்கு வந்த பிறகு எழுதலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் அதற்கு முன்பே எழுதச் சொல்வேன். இணைப்புத் திட்டத்துக்கு இரண்டு கம்பெனிகளின் போர்டும் ஒப்புதல் தந்ததுமே முதல் கடிதம் போகட்டும். இணைப்பு வருகிறது என்று அதில் அறிவித்துவிட்டு, தாய்க் கம்பெனியின் பெயரையும் பாலிசியில் கூட்டுப் பாலிசிதாரராகச் சேர்த்து, இருவருக்கும் அவரவர் உரிமைக்கு ஏற்பக் காப்பீடு பொருந்தும் என்று எண்டார்ஸ்மென்ட் கேளுங்கள். இது கிடைத்துவிட்டால், பதிவாளரிடம் படிவம் எந்த நாளில் பதிவானாலும் நடுவில் வெற்றிடம் இருக்காது. இணைப்பு தள்ளிப்போனாலும் கெடுதல் இல்லை. பதிவான மறுநாளே இரண்டாவது கடிதம். அதில் பழைய பெயரை நீக்கி, புதிய பெயரை மட்டும் வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

முன்கூட்டியே எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணம் வாகனக் காப்பீட்டில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-வது பிரிவுப்படி வண்டி கைமாறினால் மூன்றாம் நபருக்கான காப்பீடு தானாகவே புதிய உரிமையாளருக்கு மாறியதாகக் கருதப்படும், அவர் 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத வேண்டும். சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதி அப்படித் தானாக மாறாது. அதைக் கேட்டுப் பெற வேண்டும். மோட்டார் கட்டண விதியில், கேட்பவரின் விண்ணப்பத்தோடு பழைய உரிமையாளரின் சம்மதமும் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நம் வார்ப்படக் கம்பெனிக்கு இரண்டு லாரி, ஒரு ஃபோர்க்லிஃப்ட், முதலாளி ஓட்டும் கார் என்று நாலு பாலிசி. பிப்ரவரி 10-க்குப் பிறகு சம்மதக் கடிதத்தில் யார் கையெழுத்துப் போடுவார்? கம்பெனியே இல்லை, அதன் டைரக்டர் என்று யாரும் இல்லை, லெட்டர்ஹெட்டும் முத்திரையும் அலமாரியில் கிடக்கலாம், அவற்றுக்கு மதிப்பில்லை. உத்தரவு நகலை வைத்துப் போராடி வாங்கிவிடலாம்தான். ஆனால் ஜனவரியிலேயே நாலு வண்டிக்கும் நாலு சம்மதக் கடிதம் வாங்கி வைத்திருந்தால் போராட வேண்டியதில்லை. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றுவது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தனியே நடக்க வேண்டிய வேலை, அதையும் இதையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. நோ கிளெய்ம் போனஸ் தொடருமா என்பதையும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். உரிமையாளர் மாறினால் அந்தச் சலுகைக்கான தொகையைத் திரும்பக் கேட்பது வழக்கம்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்? “எங்கள் எல்லா பாலிசிகளிலும் பெயரை மாற்றவும்” என்று ஒரே வரியில் எழுதிப் போடுவதுதான் பொதுவான தப்பு. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் தீக்கு ஒரு மேஜை, மரைனுக்கு ஒரு மேஜை, மோட்டாருக்கு ஒரு மேஜை. பொதுவாக எழுதிய கடிதம் முதல் மேஜையிலேயே தங்கிவிடும். அந்த ஆள் தன் பாலிசியை மட்டும் மாற்றிவிட்டுக் கோப்பை மூடுவார். ஆகவே பாலிசி எண், காலம், காப்பீட்டுத் தொகை, இப்போதுள்ள பெயர், வேண்டிய பெயர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியாக அட்டவணை போட்டு இணைக்க வேண்டும். அட்டவணையைத் தயாரிக்கும்போதுதான் மறந்துபோன பாலிசிகள் வெளியே வரும். பணம் எடுத்துப்போகும் வழிக்கான சின்ன பாலிசி, கணினிக்கு எடுத்தது, வங்கி தானே எடுத்துக் கணக்கில் பிடித்த சரக்கு பாலிசி. நினைவை நம்பாமல் இரண்டு வருஷ வங்கிக் கணக்கைப் புரட்டி, பிரீமியம் என்று போனது எல்லாவற்றையும் எழுதிக்கொள்வது நல்லது. கூடவே உத்தரவின் சான்றிட்ட நகல், படிவம் பதிவானதற்கான ஆதாரம், தாய்க் கம்பெனியின் பதிவுச் சான்றிதழ், பான், ஜி.எஸ்.டி. நகல், போர்டு தீர்மானம் ஆகியவை.

கடிதத்தில் இன்னொரு வேண்டுகோளும் இருக்கட்டும். இணைப்புக்கு முன்பு நடந்த நஷ்டங்கள், நிலுவையில் உள்ள கிளெய்ம்கள் எல்லாவற்றின் உரிமையும் தாய்க் கம்பெனிக்கு வந்துவிட்டதைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். இது விட்டுப்போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரிந்த ஒருவரின் அனுபவம். பழைய கிளெய்ம் ஒன்று பாஸ் ஆகிப் பணம் பழைய கம்பெனியின் கணக்குக்கு அனுப்பப்பட்டது. கணக்கு மூடி மூன்று மாதம். பணம் திரும்பிப் போனது. புதிய கணக்கைக் கொடுத்தால், பெயர் வேறாக இருக்கிறதே என்று கேள்வி. உத்தரவு, பான், இழப்பீட்டு உறுதிப் பத்திரம் என்று மறுபடி முதலிலிருந்து.

கடிதம் பெற்றதற்கான சீல் போட்ட நகலோ, “நோட்டட்” என்று வரும் மின்னஞ்சலோ எண்டார்ஸ்மென்ட் ஆகாது. நிபந்தனை கேட்பது பாலிசியின் மேல் பதிந்த சம்மதம். எண்டார்ஸ்மென்ட் வந்ததும் அதை உட்கார்ந்து படிக்க வேண்டும். பெயர் பதிவுச் சான்றிதழில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா, “பிரைவேட்” விட்டுப்போகவில்லையே? எந்தத் தேதியிலிருந்து அமல்? சில அலுவலகங்களில் கடிதம் கணினியில் ஏறிய நாளையே அமல் தேதியாகப் போட்டுவிடுவார்கள், பிப்ரவரி 10-க்கும் அதற்கும் இடையில் மூன்று வாரம் பொந்தாகிவிடும். வங்கியின் பெயர் இன்னும் இருக்கிறதா? கடன் கொடுத்த வங்கியின் உரிமை பாலிசியில் எழுதப்பட்டிருக்கும், பெயர் மாற்றும்போது அந்த வரி காணாமல் போவது உண்டு, அப்புறம் வங்கி ஆடிட்டில் கேட்பார்கள். எங்காவது கூடுதல் பிரீமியம் கேட்டால் உடனே கட்டிவிடுங்கள். பிரீமியம் வராமல் ரிஸ்க் ஏற்கக் கூடாது என்பது இன்சூரன்ஸ் சட்டத்தின் 64-வி.பி. பிரிவு.

ஆட்கள் சம்பந்தப்பட்ட பாலிசிகளை எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கும் ஃபர்னஸ் மேற்பார்வையாளருக்காக எடுத்த தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி, பாலிசியில் பெயர் உள்ள முதலாளியின் பொறுப்பைத்தான் ஏற்கிறது. பிப்ரவரி 11 காலை அவருக்குக் காயம் பட்டால் முதலாளி பம்ப் கம்பெனி. குழு மருத்துவக் காப்பீட்டிலும் அப்படியே. கம்பெனி கலைந்தால் அதன் குழுவும் கலைந்ததாக ஆகிவிடக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, ஆட்களைத் தாய்க் கம்பெனியின் குழுவுக்குள் இடைவெளி இல்லாமல் மாற்ற வேண்டும். பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கும் குடும்பம் ஏதாவது அந்தப் பட்டியலில் கட்டாயம் இருக்கும்.

பங்கு மட்டும் கைமாறினால் இந்தப் பாடெல்லாம் இல்லை. வார்ப்படக் கம்பெனியை இணைக்காமல், அதன் பங்குகளை மொத்தமாக வெளியாருக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். வாங்கியவர் செய்யக்கூடிய பெரிய தப்பு, தீ பாலிசியைத் தன் பெயருக்கோ தன் மற்றொரு கம்பெனியின் பெயருக்கோ மாற்றச் சொல்வது. அப்படி மாற்றினால் அவர் மெக்காராவின் இடத்தில் போய் நிற்கிறார். பெயர் வார்ப்படக் கம்பெனியாகவே இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத வேண்டியது வேறு விஷயம்: உரிமையாளர்கள் மாறிவிட்டார்கள், கையெழுத்திடுபவர்கள் இவர்கள், கே.ஒய்.சி. விவரம் இது. பத்து சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கும் ஆட்களின் விவரத்தை அவர்கள் கேட்பார்கள். வாங்கியவர் கம்பெனியின் பெயரையே மாற்றிக்கொண்டால், பதிவாளர் தரும் புதிய சான்றிதழை வைத்து எளிய எண்டார்ஸ்மென்ட் போதும், ஆள் அதே ஆள்தான்.

ஆனால் பங்கு விற்பனையிலும் ஒரு பாலிசி மட்டும் சத்தமில்லாமல் மாறிவிடும். டைரக்டர்கள் மீது வரும் வழக்குகளுக்கான பொறுப்புக் காப்பீடு அது. அதில் கட்டுப்பாடு கைமாறுவது பற்றி ஒரு ஷரத்து இருக்கும். பெரும்பான்மைப் பங்கு வேறு கைக்குப் போன நாளோடு கோடு கிழித்துவிடும். அந்த நாளுக்கு முன் டைரக்டர்கள் செய்தவற்றுக்குக் காப்பீடு உண்டு, அதற்குப் பின் செய்தவற்றுக்கு இல்லை. முன் செய்தவற்றுக்கான வழக்குகூடப் பாலிசி காலத்துக்குள் வந்தால்தான் செல்லும். பங்கை விற்றுவிட்டு நிம்மதியாக வீட்டில் இருக்கும் பழைய முதலாளிமேல் மூன்று வருஷம் கழித்து வழக்கு வந்தால் அவர் தனியாள். விற்பனைப் பத்திரம் எழுதும்போதே, பழைய டைரக்டர்களுக்காகச் சில ஆண்டுகளுக்கு நீட்டிப்புக் காப்பீடு வாங்கித்தர வேண்டும் என்றும், அதற்கு யார் பணம் கட்டுவது என்றும் சேர்த்துவிடுவதுதான் வழி. விற்ற பிறகு கேட்டால் புதிய முதலாளிக்கு அதில் அக்கறை இருக்காது.

நம் பம்ப் கம்பெனி எல்லாவற்றையும் சரியாகச் செய்ததாகவே வைத்துக்கொள்வோம். ஜூன் மாதம் தீ பாலிசி புதுப்பிக்க வருகிறது. புரோக்கர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் போன வருஷத்து விலைப்புள்ளிப் படிவத்தை எடுத்து, தேதியை மட்டும் மாற்றி அனுப்புகிறார். எண்டார்ஸ்மென்ட் தனிக் காகிதமாக வேறு ஃபைலில் இருக்கிறது. ஜூலை 1 முதல் 62 கோடிக்குப் புத்தம் புதிய பாலிசி, கலைந்துபோன வார்ப்படக் கம்பெனியின் பெயரில். பிப்ரவரியில் ஓடிக்கொண்டிருந்த பழைய பாலிசிக்காவது சட்டத்தின் இயக்கம் என்று ஒரு வாதம் இருந்தது. உரிமை எல்லாம் எப்போதோ கைமாறிய பிறகு இல்லாத ஆளோடு போட்ட இந்தப் புதிய ஒப்பந்தத்துக்கு அந்த வாதமும் உதவாது. அக்கவுண்ட்ஸில் இருப்பவர் பணம் அனுப்பும் முன் பார்க்க வேண்டியது விலைப்புள்ளியின் முதல் வரி, பாலிசிதாரர் பெயர். அங்கே பழைய பெயர் இருந்தால் செக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு புரோக்கருக்கு போன் போட வேண்டும்.